பொருந்திவரும் கணக்கு

முந்திரிக்கும் கணக்காண்டுக்கும் ஆகாது. கடலூர் மாவட்டத்து மரங்களில் கொட்டை விழத் தொடங்கிச் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து மார்ச் 31 வந்து நிற்கும். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் கொட்டை உடைக்கிற கம்பெனிகளுக்கு, வருஷம் முழுக்க உடைப்பதற்கான சரக்கைப் பருவத்திலேயே வாங்கிப் போட்டாக வேண்டும். அதனால் கணக்கை மூடுகிற நாளில் கிடங்கு நிரம்பியிருக்கும், கல்லா காலியாக இருக்கும். முதலாளிகள் ஆடிட்டரிடம் கேட்கும் கேள்வியும் வருஷா வருஷம் ஒன்றுதான். "லாபம்ங்கிறீங்க, கையில காசு இல்லியே. அது எங்க சார் போச்சு?"

அதற்குப் பதில் சொல்லத்தான் ரொக்க ஓட்ட அறிக்கை. சிறிய கம்பெனிகளுக்கும் பங்குதாரர் நிறுவனங்களுக்கும் இதைத் தயாரித்தே ஆக வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் வற்புறுத்துவதில்லை. ஆனால் வங்கியில் கடன் வரம்பை உயர்த்தக் கேட்டுப் போனால், பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று கேட்பார்கள். அப்போது எல்லோரும் இதைப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். அறிக்கையின் எலும்புக்கூடு எளிமையானது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த ரொக்கத்தோடு தொழிலை நடத்தியதில் வந்தது போனது, முதலீட்டில் வந்தது போனது, கடன் மற்றும் முதல் வகையில் வந்தது போனது ஆகிய மூன்றையும் கூட்டிக் கழித்தால் ஆண்டு இறுதி ரொக்கம் வர வேண்டும். வந்துவிட்டால் கணக்கு பொருந்திவிட்டது என்பார்கள்.

திரிபுரம் எரித்த தலம் எங்கள் திருவதிகை. பறந்து திரிந்த மூன்று கோட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்த நொடியில்தான் ஈசன் வேலையை முடித்தார் என்பது புராணம். மூன்று தலைப்புகளும் நேராகிற நொடியில் கணக்குப்பிள்ளையும் வேலை முடிந்ததென்று பேனாவை மூடிவிடுகிறார். எனக்கு ஐயம் தொடங்குவது அங்கேதான்.

ஒரு கம்பெனியை நாமே உருவாக்கிப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் லட்சத்தில், விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஏப்ரல் 1 அன்று கல்லாவும் நடப்புக் கணக்கும் சேர்ந்து 14. அடுத்த மார்ச் 31 அன்று 9. வரிக்கு முந்தைய லாபம் 31. அதாவது 31 சம்பாதித்த வருஷத்தில் கையிருப்பு 5 குறைந்திருக்கிறது.

லாபத்திலிருந்து தொடங்குவோம். அந்த 31 லட்சத்தைக் கணக்கிடும்போது தேய்மானம் 12 கழித்திருக்கிறோம். தேய்மானத்துக்காக யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, எனவே திரும்பக் கூட்ட வேண்டும். வட்டி 26 கழித்திருக்கிறோம். அது உண்மையில் போன பணம்தான், ஆனால் கடன் வாங்கியதன் விலை. நம் நாட்டுக் கணக்குத் தரநிலைப்படி சாதாரண வியாபார நிறுவனத்துக்கு அது நிதித் தலைப்பில் வர வேண்டியது. இங்கே கூட்டிவிட்டு அங்கே கழிக்கிறோம். பழைய லாரியை விற்றதில் 3 லாபம் வந்திருக்கிறது. அது முந்திரியில் வந்த லாபம் அல்ல, கழித்துவிடுவோம். 31, 12, 26 சேர்ந்து 69, அதில் 3 போக 66.

இந்த 66 கையில் இருந்திருக்க வேண்டும். இல்லை, ஏனென்றால் சரக்கிருப்பு போன வருஷத்தைவிட 95 கூடியிருக்கிறது. கடனுக்குப் பருப்பு வாங்கிய வியாபாரிகளின் பாக்கி 18 கூடியிருக்கிறது. இரண்டும் பணத்தை விழுங்கியவை. நாம் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 22 கூடியிருக்கிறது. கொடுக்காமல் வைத்திருப்பதால் அது தற்காலிகமாக நம் கையில் நிற்கும் பணம். மூன்றையும் சேர்த்தால் 91 போயிருக்கிறது. 66-இல் 91 போனால் பற்றாக்குறை 25. வருமான வரி 7 கட்டினோம். ஆக, தொழில் நடத்தியதில் நிகரமாக 32 வெளியே போயிருக்கிறது.

முதலீட்டுப் பக்கம் சின்னது. 40 லட்சத்துக்குப் புதிய இயந்திரம் வாங்கினார்கள். அதில் 30 வங்கி நேரடியாக இயந்திரக்காரருக்கு அனுப்பிய கடன், சொந்தப் பணம் 10. லாரி விற்று வந்தது 8. ஓராண்டு வைப்புநிதியில் போட்டது 10. நிகரம் 12 வெளியே. நிதிப் பக்கம், வங்கியில் சிசி கணக்கில் எடுத்தது 80 கூடியிருக்கிறது, வட்டி 26 கட்டினார்கள், பங்குதாரர்கள் வீட்டுச் செலவுக்கு எடுத்தது 15. நிகரம் 39 உள்ளே.

14 − 32 − 12 + 39 = 9. பொருந்திவிட்டது.

முதலாளியின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. லாபம் கிடங்கில் மூட்டையாகக் கிடக்கிறது. அது போதாமல் வங்கிப் பணமும் மூட்டையாகிவிட்டது. இது நஷ்டம் அல்ல. ஆவணியில் உடைத்து, தீபாவளிக்கு விற்றால் திரும்ப வரும். மார்ச் 31-க்குப் பதில் டிசம்பர் 31-இல் கணக்கை மூடியிருந்தால் இதே கம்பெனிக்குத் தொழில்வழி ரொக்கம் கூடுதலில் நின்றிருக்கலாம். எங்கள் பக்கத்து முந்திரிக் கம்பெனியின் அறிக்கையை வெளியூர்க்காரர் படிக்கும்போது இதை மனதில் கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு பொருந்தாமல் போவது எப்போது? உண்மையில் அது நல்ல செய்தி. இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் சமமாக இருந்தால், ரொக்கத்தில் வந்த மாற்றம் மற்ற எல்லா வரிகளின் மாற்றத்துக்கும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். இரட்டைப் பதிவின் கட்டாயம் அது. ஆகவே பொருந்தவில்லையென்றால் ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டோம், இருமுறை எடுத்துவிட்டோம், அல்லது கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டோம். அந்த வித்தியாசத் தொகையே பெரும்பாலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். நம் கம்பெனியில் 3 இடித்தால் லாரி லாபத்தைக் கழிக்க மறந்திருக்கிறோம். விற்ற பணம் 8 முழுதாக முதலீட்டில் வந்துவிட்ட பிறகு அதற்குள் இருக்கும் 3 லாபத்திலும் இன்னொரு முறை வந்துவிட்டது. 44 இடித்தால் பாதியைப் பார்க்க வேண்டும், 22. பாக்கி கூடியதைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்கிறோம். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 54-ஐ 45 என்று எழுதிய வகை. இந்தத் தேடலில் ஓர் இன்பம் உண்டு. கடைசியில் அகப்பட்டுவிடும் என்ற நிச்சயம் இருப்பதால் வரும் இன்பம். வித்தியாசத்தை 'இதர வரவு செலவு' என்ற வரியில் தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு அது வாய்க்காது.

பயப்பட வேண்டியது பொருந்திவரும் தவறுகளுக்குத்தான்.

வங்கி நேராக இயந்திரக்காரருக்கு அனுப்பிய 30 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் நம் கணக்கைத் தொடவே இல்லை. பணம் நகராத கொடுக்கல் வாங்கலை அறிக்கைக்குள் சேர்க்காமல் தனிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் இயந்திரத்துக்கு 40 போனது என்று முதலீட்டிலும், கடன் 30 வந்தது என்று நிதியிலும் எழுதினால்? முதலீடு 42 வெளியே, நிதி 69 உள்ளே. கூட்டிப் பாருங்கள், அதே 9. வைப்புநிதியும் அப்படித்தான். மூன்று மாதத்துக்குள் முதிர்கிற வைப்பைத்தான் ரொக்கத்துக்கு நிகராகக் கொள்ளலாம். ஓராண்டு வைப்பை ரொக்கத்தோடு சேர்த்தால் முதலீட்டில் 2 மட்டும் வெளியே போகும், இறுதி ரொக்கம் 19 ஆகும். 14 − 32 − 2 + 39. அதுவும் பொருந்தும். பணம் நம்முடையது என்பது வேறு, நினைத்தபோது எடுக்கலாம் என்பது வேறு. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்தைப் பிற்காலத்தில் மூடிச் சீரமைப்பதற்கென்று தனிக் கணக்கில் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வங்கியில் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்துச் சம்பளம் போட முடியாது. கல்லாப் பணத்தோடு அதைக் கூட்டினால் எண் பொருந்தும், பொருள் பொருந்தாது.

எல்லாவற்றையும்விட மோசமானது சிசி கணக்கு. இருப்புநிலைக் குறிப்பில் அது குறுகியகாலக் கடன் என்று நடப்புப் பொறுப்புகளின் கீழே, நாம் கொடுக்க வேண்டிய பாக்கிகளுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நடப்புப் பொறுப்பு கூடினால் கூட்டு என்று பாடமாகப் படித்தவர் அந்த 80-ஐயும் தொழில் தலைப்பில் கூட்டிவிடுவார். இப்போது தொழிலில் 32 வெளியே போனது மறைந்து 48 உள்ளே வந்ததாகிவிடும். நிதியில் 39 உள்ளே என்பது 41 வெளியே என்றாகும். 14 + 48 − 12 − 41 = 9. ஒரு பைசா இடிக்காது. ஆனால் முதல் அறிக்கையில் கடன் வாங்கி மூட்டை அடுக்கிய கம்பெனி, இரண்டாவதில் தொழிலிலேயே 48 லட்சம் ஈட்டிக் கடனை அடைக்கும் கம்பெனி ஆகிவிட்டது. அதே ஆண்டு, அதே வவுச்சர்கள், அதே 9 லட்சம். இதைக் கண்டுபிடிக்கக் கூட்டல் உதவாது. வரி வரியாக எடுத்து, இந்தப் பணத்தை நமக்குக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டால்தான் தெரியும். பருப்பு வாங்கியவர் கொடுத்தால் தொழில். வட்டி எதிர்பார்த்துக் கொடுத்தால் நிதி.

அப்படியானால் பொருத்திப் பார்ப்பதில் என்னதான் பயன்? நடுவில் உள்ள மூன்று தலைப்புகளும் நாம் எழுதியவை. இரண்டு முனைகள் மட்டும் நம் கையில் இல்லை. தொடக்க ரொக்கம் போன வருஷமே எழுதி முடிந்துவிட்டது. இறுதி ரொக்கத்தை எழுதி வைத்திருப்பவர் வங்கிக்காரர். அறிக்கை வெளியுலகத்தைத் தொடுகிற இடம் அந்த ஒரு எண்தான். அதனால்தான் அதைச் சோதிப்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விட நேரம் செலவிட வேண்டும். மார்ச் 31 தேதியிட்டுக் காசோலை எழுதி, கொடுத்துவிட்டதாகப் பதிவு போட்டு, மேசை அறைக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் உண்டு. பாக்கியும் குறைந்ததாகத் தெரியும், ரொக்கமும் குறைந்ததாகத் தெரியும், எல்லாம் பொருந்தும். ஏப்ரல் மாத வங்கிப் பட்டியலைப் பார்த்தால் அந்தக் காசோலைகள் மூன்றாம் வாரத்தில்தான் பாஸாகியிருக்கும்.

கல்லாவில் இருப்பதற்கோ வெளிச்சாட்சி இல்லை. விவசாயியிடம் நேராக விளைபொருள் வாங்கும்போது ரொக்கமாகக் கொடுக்க வருமான வரியில் விலக்கு உண்டு என்பதால் முந்திரித் தொழிலில் கைப்பணப் புழக்கம் அதிகம். அங்கே நான் பார்ப்பது ஆண்டிறுதி இருப்பை அல்ல. டேலியில் பருவகாலத்து ரொக்கப் புத்தகத்தை நாள்வாரியாக இறக்கிப் பார்ப்பேன். ஏதாவது ஒரு நாள் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தால், இல்லாத பணத்தை எவரும் கொடுத்திருக்க முடியாது. வரவு ஒன்று மறைந்திருக்கிறது, அல்லது செலவு ஒன்று பொய்.

இனி கொஞ்சம் விஷமமாக யோசிப்போம். நம் முதலாளிக்கு வங்கியில் இன்னும் வரம்பு வேண்டும். கிடங்கில் இல்லாத 20 லட்சம் மூட்டையை இருப்பதாகக் காட்டுகிறார். லாபம் 31-லிருந்து 51 ஆகிறது. அதற்கான கூடுதல் வரியை அடுத்த ஆண்டுதான் கட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழில்வழி ரொக்கம் எவ்வளவு கூடும்? லாபத்தில் 20 கூடியது. சரக்கிருப்பின் ஏற்றம் 95 என்பது 115 ஆகி, அதே 20-ஐக் கழித்துவிட்டது. விடை பழைய 32 வெளியேதான், அசையவில்லை. வர வேண்டிய பாக்கியைப் பொய்யாகக் கூட்டினாலும், தேய்மானத்தைக் குறைத்துக் காட்டினாலும் இதே கதி. பொய் லாபமாக முதல் வரியில் நுழைகிறது, நாலு வரி தள்ளி வேறு பெயரில் வெளியேறிவிடுகிறது. ரொக்கத்தை அதனால் தொட முடிவதில்லை.

இதை நிதானமாக யோசித்தால் ஓர் உண்மை பிடிபடும். சம்பாதிக்காத ஒவ்வொரு ரூபாய் லாபத்துக்கும் இருப்புநிலைக் குறிப்பில் குடியிருக்க ஓர் இடம் வேண்டும். இரட்டைப் பதிவு அதை அந்தரத்தில் நிற்க விடாது. அது சரக்கில் குடியேறலாம், பாக்கியில் குடியேறலாம், இயந்திரத்தின் மதிப்பில் குடியேறலாம். அங்கெல்லாம் இருக்கும்வரை ரொக்க ஓட்ட அறிக்கை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். லாபம் வருஷா வருஷம் ஏறும், தொழில்வழி ரொக்கம் ஏறாது, இடைவெளி விரியும். அந்த இடைவெளியையும் மூட நினைப்பவனுக்கு ஒரே இடம்தான் பாக்கி இருக்கிறது. பொய்யை ரொக்கத்திலேயே குடியேற்ற வேண்டும்.

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் அதைத்தான் செய்தது. மென்பொருள் நிறுவனத்துக்குக் கிடங்கு கிடையாது, பொய்ச் சரக்கை அடுக்க முடியாது. போலி விலைப்பட்டியல் போட்டு வருமானம் காட்டினால் அது பாக்கியாக நிற்கும். பாக்கி நாள்பட்டால் கேள்வி வரும். ஆகவே பாக்கி வசூலாகி வங்கிக்கு வந்துவிட்டதாகவும் எழுத வேண்டியதாயிற்று. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கை அவரே பிரித்துச் சொன்னார். 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ஏடுகளில் ரொக்கமும் வங்கி இருப்பும் ரூ.5,361 கோடி. அதில் இல்லாதது ரூ.5,040 கோடி. அந்த இல்லாத பணத்துக்குச் சேர்ந்த வட்டி என்று காட்டிய ரூ.376 கோடியும் இல்லாதது. குடியேறிய பொய் குட்டியும் போட்டிருந்தது.

அந்த ஆண்டுகளின் ரொக்க ஓட்ட அறிக்கைகள் எல்லாம் பொருந்தியவைதான். தொடக்கம் பொய், தொழில்வழி வரவு பொய், இறுதி பொய், கூட்டல் மட்டும் சரி. பொருந்தாமல் நின்றது ஒரே இடத்தில்தான், வங்கிகளின் சொந்த ஏட்டில். அதைப் பார்க்க வேண்டிய தணிக்கையாளர்கள் வைப்புநிதி உறுதிக் கடிதங்களை வங்கிகளிடம் தாங்களே கேட்டுப் பெறாமல், நிறுவனம் கொண்டுவந்து கொடுத்தவற்றை ஏற்றுக்கொண்டார்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்களுக்கு 75 லட்சம் டாலர் அபராதம் விதித்தபோது சொன்ன முக்கியமான குற்றம் இதுதான். மார்ச் 31 இருப்புக்கு வங்கியிடம் கடிதம் கேட்டு எழுதும்போது, பதில் என் அலுவலக முகவரிக்கே வர வேண்டும் என்று நான் முரண்டு பிடிப்பதை எரிச்சலோடு பார்க்கும் முதலாளிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கதையில் பலரும் கடந்துபோகிற ஒரு பகுதி உண்டு. கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாருக்குச் சொந்தமான மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டைச் சுமார் 160 கோடி டாலருக்குச் சத்யம் வாங்கப் போவதாக அறிவித்தார்கள். மென்பொருள் நிறுவனத்துக்கு நிலமும் கட்டுமானமும் எதற்கு என்று முதலீட்டாளர்கள் கொதித்தார்கள். நியூயார்க்கில் பங்கு பாதிக்குமேல் சரிந்தது, சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. இல்லாத சொத்தின் இடத்தில் இருக்கிற சொத்தை வைக்கும் கடைசி முயற்சி அது என்று ராஜு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது நடந்திருந்தால் 2009 மார்ச் அறிக்கையில் முதலீட்டுத் தலைப்பின் கீழ் பல ஆயிரம் கோடி வெளியே போனதாக ஒரு வரி வந்திருக்கும். இல்லாத பணம் அந்த ஒரே வரியில் செலவாகித் தீர்ந்து, ஏட்டில் நிலமும் கட்டடமும் நின்றிருக்கும். இறுதி ரொக்கம் வங்கிக்காரர் ஏட்டிலுள்ள எண்ணுக்கு அருகிலேயே வந்திருக்கும். அப்போது வங்கிக்கு நேராகவே கடிதம் எழுதிக் கேட்டிருந்தாலும், பதில் கணக்கோடு பொருந்தியிருக்கும்.